தோளில் இரண்டு மலை

(நாட்டிய நாடகம். மேடை: பினாங்கு ஜார்ஜ்டவுன், தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை மாலை. நேரம் 25 நிமிடம்.)

ஆடுவோர்: இடும்பன், இடும்பி, ஆண்டிக்கோலத்துச் சிறுவன், அகத்தியர். சிவகிரியாக மூவர், சக்திகிரியாக மூவர். பாட்டியும் பேத்தியும் மேடை ஓரத்துப் படிக்கட்டில். பேசுவது இவர்கள் இருவர் மட்டுமே.

இசை: நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல். கடைசிக் காட்சிக்கு மட்டும் உறுமி.

காட்சி 1

இருட்டு. பேத்தி மடியில் சின்னப் பால்குடம். தண்ணீர்மலைக்கு ஏறும் வழியில் இருவரும் இளைப்பாறுகிறார்கள்.

பேத்தி: பாட்டி, இன்னும் எத்தனை படி? தோள் வலிக்குது.

பாட்டி: 500-க்கு மேல படி இருக்கு, கண்ணு. உனக்கு ஒரு குடம். இடும்பனுக்கு ரெண்டு மலை!

நட்டுவாங்கம் தொடங்க, இடும்பன் வருகிறான். அடாணா, ஆதி தாளம்.

*மண் அதிர வருகிறான் – இடும்பன்
மலையைத் தேடி வருகிறான்
குறுமுனியின் சொல்லை நெஞ்சில் கொண்டு
குன்றெடுக்க வருகிறான்*

முழுமண்டியிலிருந்து எழும் குத்தடவுகள். உறுமலோ மீசை முறுக்கலோ வேண்டாம். இவன் சூரபத்மன் படையில் மிஞ்சியவன், அசுரருக்கு வில் கற்றுத் தந்த ஆசான். இப்போது குருவின் ஏவலைத் தலைமேல் ஏற்றவன். அந்தப் பணிவு முகத்தில் தெரியாவிட்டால் பின்னால் வரும் சண்டை வெறும் அசுரவதம் ஆகிவிடும்.

அகத்தியர் வடக்கே கைகாட்டி, பிறகு பொதிகை இருக்கும் தெற்கே காட்டுகிறார். வசனம் இல்லை.

காட்சி 2

மலைகளாக ஆடும் பெண்கள் பச்சைச் சேலையில் மும்மூவராகப் பின்னி நிற்கிறார்கள். அட்டையில் மலை செய்யவேண்டாம். மூச்சு விடும் மலைதான் வேண்டும். பிரம்மதண்டம் தோளுக்கு வருகிறது. பாம்புகள் கயிறாகின்றன: நீண்ட துணிப்பட்டைகள் தண்டின் இரு முனையிலிருந்தும் நெளிந்து இறங்கி, பெண்களின் கைக்குச் சேர்கின்றன.

காவடிச் சிந்து மெட்டு, செஞ்சுருட்டி, திஸ்ர நடை.

*தண்டெடுத்துத் தோளில்வைத்துச் சாய்ந்தகிரி ரெண்டும்வைத்துத்
தெற்குவழி நோக்கிநடந் தானே – இடும்பி
பக்கம்வர வேநடைபோட் டானே*

பாட்டு மூன்று முறை. முதல்முறை துள்ளல். இரண்டாம்முறை நடை சரிகிறது. இடும்பி முந்தானையால் அவன் நெற்றியைத் துடைக்கிறாள். மூன்றாம்முறை பாட்டு நின்று புல்லாங்குழல் மட்டும். திருவாவினன்குடி அருகே சுமையை இறக்குகிறான்.

காட்சி 3

ஓய்வு முடிந்தது. சக்திகிரி எழுகிறது. சிவகிரி எழவில்லை. அவன் இழுக்க இழுக்கப் பெண்கள் இன்னும் தாழ்ந்து தரையோடு ஒட்டுகிறார்கள். அவர்கள் நடுவிலிருந்து சிறுவன் எழுகிறான். கையில் தண்டம், இடுப்பில் கோவணம், முகத்தில் சிரிப்பு.

பேத்தி: யாரு பாட்டி அது?

பாட்டி: மலைக்குச் சொந்தக்காரன்.

சண்டை முழுவதும் ஜதியில். இடும்பனுக்கு தகதகிட தகதிமி, சிறுவனுக்கு அதே ஜதி இரட்டை வேகத்தில். மூன்று சுற்று. நான்காவதில் சிறுவன் தண்டத்தைத் தரையில் ஊன்றுகிறான், அவ்வளவுதான். மிருதங்கம் நிற்கிறது. இடும்பன் சாய்கிறான். சிவப்பு விளக்கு, இடிச்சத்தம் எதுவும் கூடாது.

எட்டு எண்ணும்வரை அமைதி. பிறகு முகாரி, மிஸ்ர சாப்பு. இடும்பி தனியாக.

*மலைக்கு உரியவன் நீ – அந்த
மலையினும் பெரியவன் நீ
தாலிக்கு உரியவனைத் – தந்தால்
தாயினும் பெரியவன் நீ*

இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மற்ற இருபது நிமிடமும். கடைசி வரியைப் பாடகர் எத்தனை முறை வேண்டுமானாலும் பாடலாம். சஞ்சாரியில் இடும்பி, அவன் நெற்றியைத் துடைத்த அதே முந்தானையை இப்போது ஏந்திப் பிடிக்கிறாள். அவள் அழுது புரளவேண்டாம். முந்தானை நடுங்கினால் போதும்.

சிறுவனின் சிரிப்பு மாறுகிறது. தண்டத்தைக் கீழே வைத்து, இடும்பனின் தோளைத் தொடுகிறான். தலையை அல்ல, தண்டு அழுத்திய அதே தோளை.

காட்சி 4

இடும்பன் எழுந்து வணங்குகிறான். மலைகள் இனி அங்கேயே. அவன் கேட்பது ஒன்று: தன்னைப்போல் சுமந்து வருகிறவர்களுக்கு அருள், தனக்கு வாசலில் காவல். கைமுத்திரையிலேயே சொல்லி முடிக்கவேண்டும். சிகரத்தில் தொடங்கி அஞ்சலியில் நிற்கலாம்.

அரங்கின் பின்கதவு திறக்கிறது. உறுமி. காவடி எடுத்தவர்கள் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வருகிறார்கள். அரங்கு விளக்குகள் எல்லாம் எரியட்டும்.

பேத்தி குடத்தைத் தூக்கித் தலையில் வைக்கிறாள்.

பாட்டி: தோள் வலிக்குதா?

பேத்தி: வலிக்குது. வாங்க பாட்டி, போகலாம்.

இருவரும் காவடிகளோடு கலந்து மேடையேறுகிறார்கள். வாசலில் இடும்பன் விலகி வழிவிடுகிறான். உறுமி ஓயும் முன்பே திரை.