ஜூலை 1 முதல் வரி விகித மாற்றம்: நிலுவையில் உள்ள ஆர்டர்களின் பில் தொகை எப்படி மாறும்

தேதி: ஜூன் 9
பெறுநர்: எங்களிடம் ஆர்டர் நிலுவையில் உள்ள அனைத்து நிறுவன வாடிக்கையாளர்கள், அவர்களின் கொள்முதல் மற்றும் கணக்குப் பிரிவினர்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அட்டைப் பெட்டிகள், அச்சிட்ட கார்ட்டன்கள், இடைத்தட்டு அட்டைகள் ஆகியவற்றின் மீதான வரி ஜூலை 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்கிறது. பேக்கிங் டேப், ஸ்ட்ரெட்ச் ரோல் இரண்டும் ஏற்கெனவே 18 சதவீதத்தில்தான் உள்ளன. அவற்றில் மாற்றம் இல்லை. எங்கள் விலையும் மாறவில்லை. மாறுவது வரி மட்டும்தான்.

போன முறை விகிதம் மாறியபோது "புதிய வரி அமலுக்கு வருகிறது" என்று ஒற்றை வரியில் செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். அந்த மாதம் முழுக்க பில்களைத் திருத்துவதிலும் தொலைபேசியில் விளக்கம் சொல்வதிலுமே போனது. தவறு எங்களுடையது. அதனால் இம்முறை சற்று நீளமாகவே எழுதுகிறோம். கொள்முதல் பிரிவும் கணக்குப் பிரிவும் தனித்தனியாக இயங்கும் நிறுவனங்களில், இக்கடிதம் இரு பிரிவினருக்கும் போய்ச்சேர வேண்டும்.

எந்த ஆர்டருக்கு எந்த விகிதம்?

ஆர்டர் கொடுத்த தேதி இதைத் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலான கேள்விகள் இங்கேதான் எழுகின்றன என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "மே மாதமே பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பிவிட்டோம், அப்போதைய வரிதானே?" என்றால், இல்லை. விதி பார்ப்பது மூன்று நிகழ்வுகளை: சரக்கு எங்கள் கிடங்கிலிருந்து புறப்பட்ட நாள், வரிப் பில் போட்ட நாள், பணம் வந்த நாள். இம்மூன்றில் ஏதேனும் இரண்டு ஜூன் 30 அல்லது அதற்கு முன் நடந்திருந்தால் 12 சதவீதம். இரண்டு ஜூலைக்குத் தள்ளிப்போனால் 18 சதவீதம்.

ஜூன் 29-ல் பில்லோடு லாரி ஏறிய சரக்கு ஜூலை 2-ல் உங்கள் வாசலில் இறங்கினாலும் பழைய விகிதம்தான். புறப்பட்ட நாளும் பில் நாளும் ஜூனில் உள்ளன. நீங்கள் ஆகஸ்டில் பணம் கொடுத்தாலும் அது மாறாது. மறுபுறம், ஜூன் 20-ல் முழு அட்வான்ஸ் செலுத்தியிருந்தாலும், பெட்டி தயாராகிப் புறப்படுவதும் பில் போடுவதும் ஜூலையில் என்றால் 18 சதவீதம். நாங்கள் அனுப்பிய புரோஃபார்மா வரிப் பில் ஆகாது; அதில் 12 சதவீதம் என்று அச்சாகியிருப்பதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் வந்த நாள் என்பது எங்கள் வங்கிக் கணக்கில் வரவான நாள். 30-ம் தேதி மாலை நீங்கள் அனுப்பிய தொகை மறுநாள் வரவானால், அது ஜூலை 1-ன் கணக்கு.

மாதம் முழுவதும் டெலிவரி சலானில் சரக்கெடுத்து, அடுத்த மாதம் 2-ம் தேதி ஒரே பில்லாகப் பெறும் வாடிக்கையாளர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கம்போல ஜூலை 2-ல் பில் போட்டால், ஜூனில் எடுத்த சரக்குக்கும் 18 சதவீதம் வந்துவிடும். ஏனெனில் சரக்குப் புறப்பட்டது மட்டுமே ஜூனில் நடந்திருக்கும். ஆகவே இந்த மாதத் தொகுப்பு பில்லை ஜூன் 30 மாலையே போட்டுவிடுகிறோம். அன்று மதியம் 2 மணிக்குப் பிறகு சலானில் சரக்கு வெளியே போகாது. அதன் பிறகு எடுக்க வேண்டியதிருந்தால் தனி பில்லோடுதான் அனுப்புவோம்.

தொகை எவ்வளவு கூடும்?

12,000 கார்ட்டன்களுக்கான ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். வரிக்கு முன் மதிப்பு 2,40,000.

பழைய விகிதத்தில்: 2,40,000 + 28,800 = 2,68,800
புதிய விகிதத்தில்: 2,40,000 + 43,200 = 2,83,200

வித்தியாசம் 14,400. இது வரிக்கு முந்தைய மதிப்பில் 6 சதவீதம்; பழைய மொத்தத்தில் ஏறத்தாழ 5.36 சதவீதம். "வரி ஆறு கூடியிருக்கிறது, பழைய மொத்தத்தோடு ஆறு சதவீதம் சேர்த்துவிடலாம்" என்று கணக்கிட்டால் 2,84,928 வரும், 1,728 அதிகம். எப்போதும் வரிக்கு முந்தைய தொகையிலிருந்தே தொடங்குங்கள். பழைய மொத்தம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அதை 1.12-ஆல் வகுத்து 1.18-ஆல் பெருக்குங்கள்.

அதே ஆர்டர் இரண்டு தவணையாகப் போகிறது என்று வையுங்கள். ஜூன் 18-ல் 5,000 பெட்டிகள் பில்லோடு போய்விட்டன: 1,00,000-க்கு 12 சதவீதம் சேர்த்து 1,12,000. மீதி 7,000 பெட்டிகள் ஜூலையில்: 1,40,000-க்கு 18 சதவீதம் சேர்த்து 1,65,200. ஆக மொத்தம் 2,77,200. முதலில் எதிர்பார்த்ததைவிட 8,400 கூடுதல். ஒரே பர்ச்சேஸ் ஆர்டருக்கு இரண்டு விகிதங்களில் பில் வந்தால் தவறு என்று நினைத்து நிறுத்திவைக்க வேண்டாம். ஒவ்வொரு அனுப்பலும் தனியாகவே பார்க்கப்படும்.

பெட்டியோடு சேர்த்து அதே பில்லில் நாங்கள் வசூலிக்கும் வண்டி வாடகைக்கும் பெட்டியின் விகிதமே பொருந்தும். சிறு தொகைதான், ஆனால் பில்லைச் சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அதுதான்.

அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு

மேலே சொன்ன ஆர்டருக்கு 2,68,800 முழுவதையும் முன்கூட்டியே செலுத்திவிட்டு, சரக்கும் பில்லும் ஜூலையில் வருமானால் 14,400 பாக்கி நிற்கும். அதற்காகச் சரக்கை நிறுத்திவைக்க மாட்டோம். பில்லில் அட்வான்ஸைக் கழித்து மீதியைக் காட்டுவோம். உங்கள் வழக்கமான தவணை நாளில் செலுத்தினால் போதும்.

வரியும் சேர்த்து மொத்த விலை பேசியவர்களுக்கு

சில ஆர்டர்களில் "அனைத்தும் உட்பட 1,12,000" என்பதுபோல ஒரே தொகை பேசியிருக்கிறோம். அந்த ஆர்டரில் "அமலில் உள்ள வரி விகிதப்படி" என்ற வாசகம் இருந்தால், அடிப்படை விலை 1,00,000 அப்படியே நிற்க, புதிய மொத்தம் 1,18,000 ஆகும். அந்த வாசகம் இல்லாத ஆர்டர்கள் எங்களிடம் ஆறு உள்ளன. அவற்றில் மொத்தத்தை 1,12,000-லேயே வைத்தால் எங்களுக்குக் கிடைக்கும் அடிப்படை விலை 94,915.25 ஆகச் சுருங்கும்; 5,084.75 எங்கள் கையிலிருந்து போகும். இருந்தும், பேச்சு பேச்சுதான். ஜூலை 31-க்குள் சரக்கெடுக்கும் பட்சத்தில் அந்த ஆறு ஆர்டர்களுக்கும் பேசிய மொத்தமே செல்லும். அந்த வாடிக்கையாளர்களுக்குத் தனிக் கடிதம் போகிறது. இனிமேல் எடுக்கும் ஆர்டர்களில் விலை வரியின்றியே குறிக்கப்படும்.

முன்தேதி பில் குறித்து

"ஜூன் 30-க்குள் பில்லை மட்டும் போட்டுவிடுங்கள், சரக்கை அப்புறம் எடுத்துக்கொள்கிறோம்" என்று ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உங்கள் பெட்டி அச்சாகி, எண்ணி, உங்கள் பெயரில் கிடங்கில் தனியே அடுக்கப்பட்டிருந்து, முழுப் பணமும் ஜூன் 30-க்குள் வரவாகியிருந்தால் பில் போட்டுத் தருகிறோம். இதற்கான கோரிக்கை ஜூன் 24-க்குள் வர வேண்டும். இன்னும் அச்சுக்கே போகாத பெட்டிக்குப் பில் போட மாட்டோம். ஜூலையில் போடும் பில்லுக்கு ஜூன் தேதி இட மாட்டோம். தணிக்கையில் அது எங்களோடு நிற்காது, நீங்கள் எடுத்த வரி வரவையும் கேள்விக்குள்ளாக்கும்.

திரும்பும் சரக்கு

ஜூனில் 12 சதவீதத்தில் பில்லான பெட்டி ஜூலையில் குறை காரணமாகத் திரும்பினால், கிரெடிட் நோட்டும் 12 சதவீதத்தில்தான். மாற்றாக அனுப்பும் புதிய பெட்டிக்கு 18. ஆண்டுத் தள்ளுபடிக்கான கிரெடிட் நோட்டுகளும் மூல பில்லின் விகிதத்தையே பின்பற்றும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது

வரிப் பதிவு பெற்று, உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் நிறுவனங்களுக்குக் கூடுதல் வரி செலவாக நிற்காது. வரவு எடுக்கும்வரை கையிருப்புப் பணம் சற்று முடங்கும், அவ்வளவுதான். வரி வரவு எடுக்க முடியாதவர்களுக்கு, குறிப்பாக வரிவிலக்குள்ள பொருள் விற்பவர்களுக்கு, இந்த 6 சதவீதம் நேரடிச் செலவு. நீங்கள் அந்த வகை என்றால், தயாராக இருக்கும் சரக்கை இந்த மாதமே எடுத்துக்கொள்வது நல்லது. தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்தால் மிச்சப்படுத்திய வரியைவிட நட்டம் அதிகம்.

பர்ச்சேஸ் ஆர்டரில் "வரி கூடுதல்" என்று மட்டும் இருந்தால் எதையும் திருத்த வேண்டாம். 12 சதவீதம் என்றோ, வரியுடன் மொத்தத் தொகை என்றோ எழுதியிருந்தால், ஜூன் 20-க்குள் திருத்திய ஆர்டர் அனுப்புங்கள். யூனிட் விலையைத் தொடாதீர்கள். வரி விவரமும் மொத்தமும் மட்டும் மாறினால் போதும். ஆர்டர் தொகையைத் தாண்டிய பில்லை உங்கள் கணக்கு மென்பொருள் தானாகவே நிறுத்திவைக்கக்கூடும் என்பதால்தான் இதைக் கேட்கிறோம்.

கடன் வரம்பு வரியையும் சேர்த்தே கணக்காவதால், அதே அளவு சரக்குக்கு வரம்பு சீக்கிரம் நிரம்பும். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை எல்லோருடைய வரம்பையும் 6 சதவீதம் உயர்த்துகிறோம். விண்ணப்பம் தேவையில்லை.

இத்துடன் உங்கள் நிலுவை ஆர்டர்களின் பட்டியல் உள்ளது. ஒவ்வொரு வரியிலும் மீதி அளவு, எதிர்பார்க்கும் அனுப்பல் தேதி, அத்தேதியில் பொருந்தும் விகிதம், பழைய மொத்தம், புதிய மொத்தம் ஆகியவை இருக்கும். அனுப்பல் தேதி இரண்டொரு நாள் முன்பின் ஆகலாம். 28-லிருந்து 3-ம் தேதிக்குள் வரும் ஆர்டர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இட்டிருக்கிறோம். அவற்றை ஜூனிலேயே அனுப்ப முயல்வோம். எங்கள் பக்கத் தாமதத்தால் மட்டும் ஜூலைக்குத் தள்ளிப்போனால், வரி வித்தியாசத்துக்கு ஈடான தொகையை அடிப்படை விலையிலேயே குறைத்துப் பில் போடுவோம்.

பட்டியலில் ஏதேனும் பொருந்தவில்லை என்றால், ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். ஜூன் 25 முதல் ஜூலை 5 வரை கணக்குப் பிரிவில் இருவர் இதற்காகவே இருப்பார்கள்.

இப்படிக்கு,
மேலாளர், கணக்குப் பிரிவு

இணைப்பு: நிலுவை ஆர்டர் பட்டியல்