சனிக்கிழமை காலைக் கூட்டம், 9.45

எல்லாரும் வந்தாச்சா? சரி, போனைக் கீழே வையுங்கள். 10 மணிக்குக் கடை திறக்கிறோம், அதற்குள் முடித்துவிடலாம்.

இன்று புக்கிங் 13. முடிவெட்ட ஆறு பேர், ஃபேஷியல் மூன்று, சாயம் இரண்டு, ரீபாண்டிங் ஒன்று, கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் டிரையல் ஒன்று. டிரையல் 10 மணிக்கு, மாலா அக்கா பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பெண்ணை வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் ஒரு படம், உள்ளே ஃபிளாஷ் போட்டு ஒரு படம். ஃபிளாஷில் முகம் வெள்ளையடித்த மாதிரி தெரிந்தால் இன்றைக்கே பவுடரை மாற்றுங்கள். கல்யாண மண்டபத்தில் போய் மாற்ற முடியாது.

ரீபாண்டிங் 10.30க்கு. கவிதா, நாலு மணி நேரம் அந்த நாற்காலி உன்னுடையது. மருந்து கலக்குவதற்கு முன் கேள்: முன்பு சாயம் போட்டாரா, மருதாணி வைத்தாரா, எப்போது? பதில் மழுப்பலாக இருந்தால் ஒரு சின்னக் கற்றையில் போட்டுப் பார், பிறகு என்னைக் கூப்பிடு.

அப்புறம் சாயம். 2 மணிக்கு வருகிறவர் வியாழக்கிழமை காலையிலேயே காதுக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டார். தேவி, தோலைப் பார்த்துவிட்டு ஆரம்பி. 4 மணிக்கு வருகிற பிள்ளை நேற்று இரவுதான் வாட்ஸ்அப்பில் புக் செய்தது, அதற்கு முதல் தடவை. 48 மணி நேரம் ஆகாமல் தலையில் வைக்க மாட்டோம். இன்று டெஸ்ட் மட்டும், சாயம் செவ்வாய்க்கிழமை. “பக்கத்துக் கடையில் உடனே போடுகிறார்கள்” என்று சொல்லும். சொல்லட்டும். அரிப்பு வந்து முகம் வீங்கினால் அம்மாவும் அத்தையும் நம் கடைக்குத்தான் வருவார்கள். நானே இப்போது போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

அதில் 120 வெள்ளி போகிறது. புக்கிங்கில் மிச்சம் 910. இன்றைய டார்கெட் 1,400தான், குறைக்கவில்லை. தோட்டத்தில் சம்பளம் போட்டாயிற்று, மதியத்துக்கு மேல் புருவம் எடுக்க ஆள் வரும். ஆனால் எட்டு எட்டு வெள்ளியாக 490 சேராது. முடி வெட்ட வருகிறவர்களில் நுனி வெடித்திருப்பவர்களிடம் 45 வெள்ளி டிரீட்மென்ட் பற்றி ஒரு தடவை சொல்லுங்கள். ஒரு தடவைதான். வேண்டாம் என்றால் பேச்சை மாற்றுங்கள்.

நேற்று ஒரு அம்மா 25 நிமிடம் உட்கார்ந்திருந்தார், யாரும் ஏனென்று கேட்கவில்லை. லைன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். இன்று முதல், கை வேலையாக இருந்தாலும் தலையைத் தூக்கி “வாங்கம்மா” என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமாகும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அரை மணி ஆகுமென்றால் அரை மணிதான், “இதோ ஐந்து நிமிடம்” வேண்டாம்.

புருவ நூல் ஆளுக்கு ஒன்று, வெட்டியதைக் குப்பையில் போடுங்கள். துண்டும் அப்படித்தான், ஈரத்துண்டு நாற்காலியில் தொங்கக் கூடாது.

சாப்பாடு 1 மணிக்குத் தேவி, 1.30க்கு மாலா அக்கா. கவிதா ரீபாண்டிங் முடிந்ததும் போகலாம், உனக்கு நாசி லெமாக் வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

வேறு ஏதாவது? இல்லையா? தேவி, ஹீட்டரைப் போடு.