தினேஷ் தங்குவது பற்றி

செல்வம் அண்ணே,

நேற்று ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றேன் இல்லையா, அதற்கான பதில் இது. மோல்மீனில் அக்கா தினேஷுக்குப் பஸ் டிக்கெட் போடுவதற்குள் உங்களுக்குத் தெரியட்டும் என்று கடையிலிருந்தே எழுதுகிறேன். அவன் ஆறு வாரம் யாங்கோனில் நம் வீட்டில் தங்குவதற்கு என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. வந்து இறங்கி இடம் பிடிக்கும் வரை மூன்று நான்கு ராத்திரி என்றால் தாராளமாக இருக்கட்டும்.

பையன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தீபாவளிக்கு வந்திருந்தபோது யாரும் சொல்லாமலே கீழேயிருந்து தண்ணீர் கேன் தூக்கி வந்தவன். அக்கா கொடுத்துவிட்ட பலாச்சானை முக்கால்வாசி தின்று தீர்த்தது நான்தான். அந்த நன்றியெல்லாம் இருக்கிறது.

விருந்தாளிப் பதிவை ஒரு சாக்காகச் சொல்லி முடித்திருக்கலாம். 2021க்குப் பிறகு மறுபடி கட்டாயமாகிவிட்டது, ராத்திரியில் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினால் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டியாக வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. ஆனால் நீங்கள் நாளைக்கே வார்டு ஆபீஸுக்குப் போய் எல்லாம் முடித்துவிட்டு வந்து நின்றால், அப்புறம் நான் என்ன சொல்வேன்? அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டின் அகலமே 12.5 அடி. உங்களுக்கும் இப்ராஹிம் பாய்க்கும் பலகை அடைத்த அறை இருக்கிறது. எனக்கு ஹால்தான் அறை. நான்காவது ஆள் வந்தால் படுக்கை ஹாலில்தான் விழும். மாதக் கடைசியில் முகல் தெருவிலிருந்து நான் கணக்கு நோட்டோடுதான் வீட்டுக்கு வருகிறேன், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்து முடிக்க வேண்டியிருக்கிறது. அவன் படிக்க வருவது ஜப்பானிய மொழி. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அவனை வாயை மூடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆறு வாரம் பொறுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. ரெண்டாவது வாரமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன், அது உங்களுக்கும் சங்கடம்.

பாயையும் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்றார். அவர் எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்? நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிற மனிதர். கீழே யாராவது கயிற்று மணியை இழுத்தால் அவர்தான் எழுந்து பால்கனிக்குப் போய்ச் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குகிறார். வகுப்பு மதியமே விட்டுவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அப்படியானால் தினமும் அவர் தூக்கத்துக்கு நடுவே அந்த மணி அடிக்கும். தண்ணீரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், கரண்ட் வந்து மோட்டார் ஓடினால்தான் மேல் தொட்டியில் ஏறுகிறது. மூன்று பேருக்கே காலையில் வாளியை அளந்து அளந்துதான் ஊற்றுகிறோம்.

வாடகையில் அவன் பங்கும் தருவான் என்றீர்கள். பணத்துக்காக நான் தயங்கவில்லை அண்ணே, அவன் இரட்டிப்பாகக் கொடுத்தாலும் என் பதில் இதுதான். தவிர, ஆறு மாத வாடகை முன்பணம் கட்டிப் புதுப்பிக்கிற சமயம் நெருங்குகிறது. மூன்று பேர் என்று பேசித்தான் வீட்டுக்காரம்மா கொடுத்தார். இந்த நேரத்தில் அவருக்கு வாடகை ஏற்ற ஒரு காரணத்தை நாமே எடுத்துக் கொடுப்பானேன்?

வகுப்பு லெடான் பக்கம் என்பதால் ஒன்று தோன்றுகிறது. அங்கே படிக்க வருகிற பையன்களுக்கென்றே ஹாஸ்டல்கள் நிறைய இருக்கின்றன, அறையைப் பகிர்ந்துகொண்டு மாதக் கணக்கில் இருக்கலாம். நம் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவதற்கு, நடக்கிற தூரத்தில் இருப்பது அவன் படிப்புக்கும் நல்லது. கூடப் படிக்கிறவர்களும் அங்கேயே கிடைப்பார்கள். ஹாஸ்டலில் முன்பணம் கேட்டு, கையில் உடனே இல்லையென்றால் சொல்லுங்கள், நான் தருகிறேன். அடுத்த மாதம் திருப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட இங்கேதான் வர வேண்டும், மீன் குழம்பு என் பொறுப்பு.

முதல் சில ராத்திரிக்கும் பதிவு வேண்டும். என்ஆர்சி கார்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், வந்த அன்றைக்கே நீங்கள் கூட்டிப் போய்விடுங்கள். அந்த ராத்திரிகளில் உங்கள் அறையிலேயே படுத்துக்கொள்ளட்டும்.

அக்காவிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தால் என் பேரைச் சொல்லிக்கொள்ளுங்கள், "கூட இருக்கிற தம்பி ஒத்துக்கலை" என்று. எனக்கு வருத்தமில்லை, உண்மையும் அதுதானே.

இந்த ஞாயிறு காலையில் லெடான் போய் ரெண்டு மூன்று இடம் பார்த்துவிட்டு வரலாமா? ஒன்பது மணிக்குக் கிளம்பினால் எனக்குத் தோதாக இருக்கும்.

மணி