மூலக்கூறு உயிரியல் கலைச்சொற்கள் (பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

ஜீன் – மரபணு. ஒரு புரதத்துக்கோ ஆர்.என்.ஏ.வுக்கோ செய்தி தாங்கும் டி.என்.ஏ. பகுதி.

என்சைம் – நொதி.

பேஸ் – காரம். டி.என்.ஏ.வில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில்.

ரெப்ளிகேஷன் – இரட்டிப்பாதல். ஒவ்வொரு புதிய மூலக்கூறிலும் ஒரு பழைய இழை, ஒரு புதிய இழை. இதை மெசல்சன், ஸ்டால் இருவரும் 1958-இல் நிறுவினார்கள்.

டிரான்ஸ்கிரிப்ஷன் – படியெடுத்தல். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாவது. இரட்டிப்பாதலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே விளைவதும் டி.என்.ஏ.தான்.

டிரான்ஸ்லேஷன் – மொழிபெயர்த்தல். ரைபோசோமில் புரதம் உருவாவது.

கோடான் – கோடான் என்றே எழுதலாம். தூது ஆர்.என்.ஏ.வில் அடுத்தடுத்த மூன்று காரங்கள். மொத்தம் 64, அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும். AUG தொடக்கம், மெத்தியோனைனும் அதுவே. UAA, UAG, UGA மூன்றும் நிறுத்தம். இந்த நான்கையும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும்.

மியூட்டேஷன் – திடீர்மாற்றம், சடுதிமாற்றம். கதிரரிவாள் சோகையில் பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஒரு கார இணை மாறுகிறது. குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்துவிடுகிறது.

பிளாஸ்மிட் – பிளாஸ்மிட். பாக்டீரியாவில், குரோமோசோமுக்கு வெளியே, பெரும்பாலும் வளைய வடிவில் உள்ள டி.என்.ஏ.

லைகேஸ் – இணைப்பு நொதி.

பி.சி.ஆர். – பாலிமரேஸ் சங்கிலி வினை. சுமார் 95°C-இல் இழைகள் பிரியும், அப்புறம் குளிரவைத்ததும் தொடக்கிகள் ஒட்டும், 72°C-இல் டாக் பாலிமரேஸ் இழையை நீட்டும்.