உயிர்வாழ் சான்றிதழ்: வலது ஓரம் வெட்டுப்பட்ட படிவம்

[அச்சு எழுத்தில் இருப்பது வங்கி கொடுத்தது. கோடு போட்டுத் தொடங்கும் வரிகள் பேனாவால் எழுதியவை.]

ஓய்வூதியர் / குடும்ப ஓய்வூதியர் ஆண்டு உயிர்வாழ் சான்றி
(இரண்டு பக்கங்களையும் தெளிவான கையெழுத்தில் நிர

— மேலாளர் ஐயா கவனத்துக்கு: இந்தப் படிவத்தில் வலது ஓரம் அச்சில் விழவே இல்லை. கவுண்டரில் வேறு கேட்டேன், கட்டு முழுக்க இப்படித்தான் இருக்கிறது என்றார்கள். விட்டுப்போன இடத்தில் என்ன இருக்கும் என்று நினைத்தேனோ அதை நானே எழுதிச் சேர்த்து, பக்கத்தில் சிறு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இ. சரோஜா.

குறிப்பு: இப்படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் 30ஆம் தே
ஓய்வூதியக் கணக்கு உள்ள கிளையில் நேரில் வந்து கொடு
80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்க
கொடுக்கத் தவறினால் அடுத்து வரும் ஓய்வூதியம் நிறு
ஜீவன் பிரமாண் வழியாக ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு இப்படிவம் தே

— தேவையா, தேவையில்லையா? எனக்குத் தேவைதான். போன வாரம் இ-சேவை மையத்தில் கட்டை விரலை அந்தச் சின்ன மிஷினில் வைத்து வைத்துப் பார்த்தார்கள், ரேகை விழவில்லை. முகத்தைப் படம் பிடித்தே போடலாம் என்று பேரன் சொல்கிறான். அவன் சென்னையில் இருக்கிறான். அதனால்தான் காகிதம்.

பகுதி 1. சொந்த விவ

1. குடும்ப ஓய்வூதியர் பெயர் (ஆதாரில் உள்ளபடி பெரிய எழு
— இ. சரோஜா

2. பிறந்த தேதியும் நிறைந்த வய
— 14-6-1943. வயது 82.

3. இறந்த ஊழியரின் பெயர், கடைசியாக வகித்த பத
— ந. இராமலிங்கம். பொன்மலை ரயில்வே பணிமனை, ஃபிட்டர்.

4. ஊழியர் ஓய்வு பெற்ற நாள், மறைந்த நா
— ஓய்வு 31-5-1996 (அப்போது 58 வயதில்தான் ஓய்வு, 60 ஆனது அதற்கு இரண்டு வருஷம் கழித்து). மறைவு 9-2-2011.

5. ஓய்வூதியருடன் உறவு: மனைவி / கணவர் / மகள் / பெற் (பொருந்தாததை அடி
— மனைவி. மற்றதை அடித்துவிட்டேன்.

6. தற்போதைய முகவரி (மாறியிருந்தால் சான்று இணை
— பொன்மலைப்பட்டி, திருச்சி. மாறவில்லை.

7. 80 வயது நிறைந்தவரானால் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் பெறு
— "பெறுகிறேன்" என்று முடிகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆம், 2023 ஜூன் கணக்கிலிருந்து. அது தானாக வந்து விழவில்லை, ஆதார் நகலைக் கொண்டுவந்து காட்டிய பிறகு நிலுவையோடு வந்தது. 85 ஆனால் 30 விழுக்காடு, 90 ஆனால் 40. அதற்கும் நான் வந்துதான் கேட்க வேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பகுதி 2. அறிவிப்பு

(அ) நான் இன்றைய தேதியில் உயிருடன்
— இருக்கிறேன். இ. ச.

(ஆ) என் கணவர் இறந்த பின் நான் மறுமணம் செய்து
— கொள்ளவில்லை. இந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் ஊரில் என்னவென்று படிப்பார்கள் என்று யோசித்தேன். இ. ச.

(இ) கடந்த ஓராண்டில் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி
பொதுத்துறை நிறுவனம், வங்கி ஆகிய எதிலும் நான் பணி
— செய்யவில்லை. வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது, தெருவில் இரண்டு மூன்று பேருக்குச் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பேன். கண் சரியாகத் தெரிகிற வரைக்கும். அதை எழுதும்படி படிவம் கேட்கவில்லை, இருந்தாலும் மறைத்தேன் என்று வேண்டாம். இ. ச.

(ஈ) மேற்கண்ட நிலையில் மாற்றம் ஏற்பட்டால் உடனே வங்கிக்குத் தெரி
— தெரிவிப்பேன். (அ)வில் மாற்றம் வந்தால் மட்டும் மகன் தெரிவிப்பான். இ. ச.

பகுதி 3. கூடுதல் தொகை பற்றிய உறுதிமொ

என் கணக்கில் தவறுதலாகக் கூடுதல் ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்டி
அத்தொகையை வங்கி முன்னறிவிப்பு
என் கணக்கிலிருந்து ஒரே தவணையிலோ பல தவணைக
பிடித்தம் செய்துகொள்ள நான் முழுமனதுடன் சம்ம
எனக்குப் பின் என் வாரிசுகளும் இதற்குக் கட்டுப்ப

— இந்தப் பகுதியில்தான் எனக்குச் சங்கடம். மற்ற இடத்தில் எல்லாம் அறுந்த சொல் என்ன என்பது குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது வரியில் தெரியவில்லை. முன்னறிவிப்பு "இன்றி" என்றும் இருக்கலாம், முன்னறிவிப்பு "கொடுத்து" என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் என் ஒரு மாதச் செலவு இருக்கிறது.

7ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு பென்ஷனைத் திருத்தியபோது, கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்று ஒரு மாதம் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது பாஸ்புக் போட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மாதம் மாத்திரைக் கடையில் கடன் சொன்னேன். எவ்வளவு, எதற்கு என்று கணக்குச் சீட்டு கேட்டு வாங்க அப்புறம் இரண்டு தடவை நடந்தேன். பிடித்தது நியாயம்தான், கணக்கு சரியாகவே இருந்தது. சொல்லிவிட்டுப் பிடித்திருக்கலாம் என்பதுதான் என் பேச்சு.

ஆகவே நான் நிரப்புவது: வங்கி முன்னறிவிப்பு கொடுத்து, எவ்வளவு தொகை, எந்த மாதத்தது என்று எழுத்தில் காட்டிய பிறகு, பல தவணைகளில் பிடித்தம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன். "ஒரே தவணையிலோ" என்பதை அடித்திருக்கிறேன். வாரிசுகள் வரியில் ஒன்றும் சேர்க்கவில்லை. மகன் கையெழுத்தை நான் போட முடியாது. இ. ச.

இன்னொன்று. இதே மாதிரி உறுதிமொழியை 2011இல் குடும்பப் பென்ஷன் ஆரம்பித்தபோதே எழுதி வாங்கிக்கொண்டீர்கள். வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்கலாம், நியாயம். இதையும் சேர்த்துக் கேட்பது ஏன்?

இடம்: திருச்சி. தேதி: 11-11-
— 2025

கையெழுத்து / இடது பெருவிரல் ரே
— இ. சரோஜா. (கையெழுத்துக் கட்டம் பாதிதான் இருக்கிறது. பெயரில் "ஜா" வெளியே போய்விடும் என்பதால் இடது பக்கம் போட்டிருக்கிறேன். புகைப்படக் கட்டமும் அப்படித்தான், படத்தைப் பின்பக்கம் ஒட்டியாயிற்று.)

பகுதி 4. வங்கி அலுவலர் உபயோகத்துக்கு மட்

மேற்கண்ட குடும்ப ஓய்வூதியர் இன்று என் முன்னிலையில் நேரில் தோன்
அவரது அடையாளத்தை மூல ஆவணங்களுடன் ஒப்பிட்டுச் சரிபா

— தோன்றினார். சரிபார்த்தேன். பகுதி 1, 2 ஏற்கப்பட்டன, கணினியில் இன்றே பதிவு செய்யப்பட்டது, டிசம்பர் ஓய்வூதியம் நிற்காது. பகுதி 3: கோப்பில் உள்ள முழுப் பிரதியில் "முன்னறிவிப்பு இன்றி" என்றே உள்ளது. வாடிக்கையாளர் எழுதியது அதற்கு மாறாக இருப்பதால் மேலிடக் கருத்துக்கு அனுப்பப்படுகிறது. உதவி மேலாளர்.

— பார்த்தேன். அப்படியானால் அந்த முழுப் பிரதியில் ஒரு நகல் கொடுங்கள். வீட்டில் வைத்துப் படித்துவிட்டுச் சம்மதமா இல்லையா என்று எழுதித் தருகிறேன். அதுவரை பகுதி 3இல் நான் எழுதியதே என் சொல். இ. சரோஜா.

✂ - - - - - - - - - - - - - - - - - - - -

ஒப்புகைச் சீ

திருமதி இ. சரோஜா அவர்களிடமிருந்து உயிர்வாழ் சான்றிதழ் பெற்று
— பெற்றுக்கொள்ளப்பட்டது. 11-11-2025. பகுதி 3 நிலுவை. உதவி மேலாளர்.

இச்சீட்டை அடுத்த ஆண்டு வரை பத்திர