கடைசிக் கணக்கு: டிரையர் ஆபரேட்டர், டோக்கன் எண் 17

அரிசி மில் அலுவலகம், மன்னார்குடி
22.05.2025

தம்பிக்கு,

நீங்கள் வேலைக்குச் சேர்ந்தது 10.09.2018. கடைசி நாள் 20.05.2025. கடைசி மாதச் சம்பளம் 15,600 ரூபாய்: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000, வீட்டு வாடகைப்படி 2,600. நம் மில்லில் மாதத்தை 26 நாளாக வகுப்பதால் ஒரு நாள் கூலி 600. கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த எண்களிலிருந்துதான் வருகிறது. வீட்டில் உட்கார்ந்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

வர வேண்டியது

மே மாதச் சம்பளம்: 10,200. மே 1 முதல் 20 வரை மூன்று ஞாயிறு போக 17 நாள். மே தின விடுமுறையும் இதில் சேர்ந்திருக்கிறது.

ஓவர்டைம்: 1,800. ஏப்ரலில் கோடை மழை வந்தபோது களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூட நான்கு இரவு கூடுதலாக நின்றீர்கள், இரவுக்கு மூன்று மணி நேரம். மேற்பார்வையாளர் அதைப் பென்சிலில் எழுதி வைத்திருந்ததால் ஏப்ரல் சம்பளத்தில் விட்டுப்போய்விட்டது. அது எங்கள் தவறு. ஒரு மணிக்கு 75 ரூபாய், ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு, ஆக 150. மொத்தம் 12 மணி.

விடுப்புக்குப் பதில் பணம்: 9,600. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. 2024-இல் 280 நாள் வேலை பார்த்ததற்கு 14 நாள் விடுப்பு, அதில் 4 எடுத்துவிட்டீர்கள், மீதி 10. இந்த ஆண்டு 112 நாளுக்கு 5.6 வருகிறது. அரை நாளும் அதற்கு மேலும் இருந்தால் முழு நாள் என்பது விதி, அதனால் 6. மொத்தம் 16 நாள், நாளுக்கு 600.

போனஸ்: 12,995. 2024-25 நிதியாண்டுக்கு 1,56,000-இல் 8.33 சதவீதம். இது குறைந்தபட்ச அளவு. தீபாவளிக்கு மற்றவர்களுக்குக் கூடுதலாக அறிவித்தால் வித்தியாசம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். இந்த ஏப்ரல், மே மாதங்களுக்கான போனஸ் அடுத்த ஆண்டுத் தீபாவளியோடு.

கிராஜுவிட்டி: 52,500. "ஆறு வருஷம்தானே, ஏழுக்கு எப்படிப் போட்டீங்க?" என்று போனில் கேட்டீர்கள். ஆறு வருடம் எட்டு மாதம் ஆகிறது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, கடைசியில் மிஞ்சுவது ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருடமாகவே எடுக்க வேண்டும். வருடத்துக்கு 15 நாள் கூலி. 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500, அதைப் பதினைந்தால் பெருக்கினால் 7,500, ஏழு வருடத்துக்கு 52,500. வாடகைப்படி இதில் சேராது. அதனால்தான் இங்கே நாள் கூலி 600 இல்லை, 500.

கூட்டினால் 87,095.

பிடித்தது

பிஎஃப்: 1,020. மே சம்பளத்தின் அடிப்படை, பஞ்சப்படிப் பகுதியான 8,500-க்கு மட்டும் 12 சதவீதம். ஓவர்டைம், விடுப்புப் பணம், போனஸ், கிராஜுவிட்டி எதற்கும் பிஎஃப் பிடிக்கவில்லை. மில்லின் பங்கு தனியாகக் கட்டப்படும், உங்கள் பணத்திலிருந்து போகாது.

இஎஸ்ஐ: 90. சம்பளமும் ஓவர்டைமும் சேர்ந்த 12,000-க்கு 0.75 சதவீதம்.

தீபாவளி முன்பணம்: 4,000. போன அக்டோபரில் வாங்கியது 10,000. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் ஆயிரமாக 6,000 அடைந்துவிட்டது.

அரிசியும் தவிடும்: 2,550. 26 கிலோ பொன்னி மூட்டை ஒன்று 1,350, மாட்டுக்கு எடுத்த தவிடு ஒரு மூட்டை 1,200. நீங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டின் நகல் இதோடு இருக்கிறது.

நோட்டீஸ் கழிவு: இல்லை. மே 5-ஆம் தேதிதான் கடிதம் கொடுத்தீர்கள், 30 நாள் ஆகவில்லை. முதல் நகலில் 15 நாள் கூலியைக் கழித்திருந்தார்கள். உங்கள் இடத்துக்கு ஆள் வந்து மெஷினும் ஓடுவதால் முதலாளி அதை அடித்துவிட்டார். வருமான வரியும் கிடையாது.

கழிவு மொத்தம் 7,660. இதில் ஒரு ரூபாய்கூடக் கிராஜுவிட்டியிலிருந்து எடுத்ததில்லை, மற்ற பணத்தில்தான் கழித்திருக்கிறோம்.

கைக்கு வருவது: 79,435 ரூபாய். சம்பளம் வந்துகொண்டிருந்த அதே வங்கிக் கணக்குக்கு இன்றே அனுப்பிவிட்டோம்.

அப்புறம் பிஎஃப் விஷயம். அதில் சேர்ந்திருக்கும் பணம் இந்தக் கணக்கில் வராது. திருப்பூரில் சேரும் இடத்தில் பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள், புதிது வாங்க வேண்டாம். நீங்கள் விலகிய தேதியை நாங்கள் பதிவு செய்ததும் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

ஏதாவது எண் இடித்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். சரியாக இருந்தால் இரண்டாவது நகலில் கையெழுத்துப் போட்டு, லாக்கர் சாவியோடு வாட்ச்மேனிடம் கொடுத்தால் போதும்.

கணக்குப் பிரிவு