ஊசல் அறிக்கை: திருத்த வேண்டியவை, நீக்க வேண்டிய ஒரு முடிவு

தங்கச்சி, எளிய ஊசலால் புவியீர்ப்பு ஆர்முடுகல் g ஐக் கண்ட உங்கள் குழுவின் அறிக்கையை முழுதாக வாசித்து, உங்கள் எண்களை வைத்து நானும் ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அளவீடு நன்றாகச் செய்திருக்கிறீர்கள். 20 அலைவுகளுக்கு எடுத்த இரண்டு வாசிப்புகளும் எந்த நீளத்திலும் 0.14 செக்கனுக்கு மேல் விலகவில்லை. கையால் அழுத்தும் நிறுத்தற்கடிகாரத்துக்கு இது நல்ல வேலை. ஆனால் அந்த நல்ல அளவீட்டிலிருந்து, மலையகத்தில் புவியீர்ப்பு 2% குறைவு என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவு நிற்காது, இப்படியே கண்காட்சிக்குப் போகக் கூடாது. ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

முதலில் அட்டவணை. நிரலின் தலைப்பில் "l" என்று மட்டும் போட்டுவிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் "40cm", "25.71s" என்று அலகை எழுதியிருக்கிறீர்கள். அலகு தலைப்பில் ஒரு தரம் வந்தால் போதும், கட்டத்துக்குள் எண் மட்டும் இருக்கட்டும். நீளத்தை மில்லிமீற்றர் வரை பார்த்துத்தானே எடுத்தீர்கள், அப்படியானால் 40 அல்ல, 40.0. அந்தப் பூச்சியம் அலங்காரத்துக்கு இல்லை, எதுவரை பார்த்தீர்கள் என்பதை அதுதான் சொல்கிறது. ஓர் அலைவுக்கான காலம் T இன் நிரலில் 1.288, 1.506, 1.69, 1.865, 2.0195 என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நிற்கின்றன. எல்லாவற்றையும் மூன்று தசமதானத்துக்கு எழுதுங்கள், வர்க்கிக்கும்போது மட்டும் கணிப்பானில் உள்ள முழு எண்ணைப் பாவியுங்கள். முதல் இரண்டு நிரைகளை நான் எழுதிக் காட்டுகிறேன், மிச்சத்தை நீங்கள் போடுங்கள்:

| இழை நீளம் / cm | L / cm | 20T (1) / s | 20T (2) / s | சராசரி / s | T / s | T² / s² |
|---|---|---|---|---|---|---|
| 40.0 | 41.1 | 25.71 | 25.81 | 25.76 | 1.288 | 1.659 |
| 55.0 | 56.1 | 30.18 | 30.06 | 30.12 | 1.506 | 2.268 |

இரண்டாவது நிரல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதுதான் இந்த அறிக்கையின் முக்கியமான இடம்.

g = 4π²L/T² என்ற சூத்திரத்தால் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியாக g கண்டுபிடித்து, ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்து 9.6123 என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரிக்குப் போக முன்னர் அந்த ஐந்து எண்களையும் வரிசையாகப் பாருங்கள்: 9.52, 9.57, 9.64, 9.65, 9.68. நீளம் கூடக் கூட g உம் கூடிக்கொண்டே போகிறது. நுவரெலியாவில் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மேசையில், இழையை நீட்டினால் புவியீர்ப்பு கூடுமா? கூடாது. கடிகாரத்தைக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ அழுத்தியதால் வந்த பிழை என்றால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும், இப்படி ஒரே பக்கமாக ஏறாது. ஆகவே ஏதோ ஒன்று எல்லா வாசிப்பிலும் ஒரே அளவாகக் குறைந்திருக்கிறது, குட்டை ஊசலில் அதன் பாதிப்பு கூட, நீள ஊசலில் குறைவு. செயன்முறைப் பகுதியில் நீங்களே எழுதிய வரி அதைக் காட்டிக்கொடுக்கிறது: "இழையின் நீளம் குண்டின் மேல் முனை வரை அளக்கப்பட்டது." ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை. குண்டின் விட்டத்தை வேணியர் இடுக்கியால் 2.20 cm என்று அளந்து எழுதியும் வைத்திருக்கிறீர்கள், அப்புறம் அதை எங்கேயும் பாவிக்கவில்லை.

ஆரை 1.10 cm ஐக் கூட்டிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டால் 9.78, 9.77, 9.79, 9.77, 9.79 என்று வருகிறது. ஏற்றம் போய்விட்டது, மிச்சம் இருப்பது சாதாரணச் சிதறல். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் உங்கள் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறது.

வரைபு கீறியிருந்தால் இது தானாகவே வெளியே வந்திருக்கும். T² ஐ நிலைக்குத்து அச்சிலும் நீங்கள் அளந்த இழை நீளத்தைக் கிடை அச்சிலும் போட்டுப் பாருங்கள். நான் போட்டபோது படித்திறன் 4.03 s² m⁻¹, வெட்டுத்துண்டு 0.047 s² வந்தன. g = 4π²/படித்திறன், அதாவது 9.79. நீளத்தில் எவ்வளவு விடுபட்டாலும், எல்லா வாசிப்பிலும் ஒரே அளவு விடுபட்டிருந்தால் கோடு அப்படியே இடம் நகருமே தவிரச் சரிவு மாறாது. வெட்டுத்துண்டைப் படித்திறனால் பிரித்தால் சுமார் 1.2 cm வருகிறது, நீங்கள் விட்டுவிட்ட ஆரை கிட்டத்தட்ட அதுதான். உயர்தரப் பௌதிகவியலில் வரைபு கீறச் சொல்வது புள்ளிக்காக மட்டும் இல்லை என்பதற்கு உங்கள் தரவைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அடுத்தது வழு. நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: "மனித வழு, காற்று, உபகரண வழு ஆகியவற்றால் வித்தியாசம் ஏற்பட்டது." இந்த வரியை எந்தச் செயன்முறைக்குப் பின்னாலும் ஒட்டலாம், அதனாலேயே இதில் ஒன்றும் இல்லை. எது எவ்வளவு என்று எண்ணில் வேண்டும். கடிகாரம் 0.01 s காட்டினாலும் உங்கள் விரல் அவ்வளவு நுட்பமானதில்லை, இரண்டு வாசிப்பும் விலகும் அளவை வைத்து 0.1 s என்று எடுங்கள். 40.0 cm ஊசலுக்கு 25.76 இல் 0.1 என்பது 0.4%. சூத்திரத்தில் T வர்க்கமாக வருவதால் அது 0.8% ஆகிறது. நீளத்தில் 1 mm என்றால் 0.25%. இரண்டையும் கூட்டினால் ஒரு வீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதாவது அந்த ஒரு நிரையிலிருந்து வரும் g இல் ±0.1. வரைபில் ஐந்து புள்ளிகளும் சேர்ந்து நிற்பதால் நிலைமை நல்லது. புள்ளிகளுக்கூடாகப் போகக்கூடிய மிகச் சரிவான கோட்டையும் சரிவு குறைந்த கோட்டையும் கீறி வித்தியாசத்தைப் பாருங்கள், கையால் கீறினால் ±0.05 அளவில் வரும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் விடை 9.79 ± 0.05 m s⁻². இரண்டாம் தசமதானத்திலேயே சந்தேகம் இருக்கும்போது 9.6123 இல் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு அங்கே இடமே இல்லை.

குண்டை எவ்வளவு கோணத்துக்கு இழுத்து விட்டீர்கள் என்று எங்கேயும் இல்லை. அது அவசியம். 10 பாகைக்கு இழுத்தால் அலைவு காலம் 0.19% கூடும், g இல் அது சுமார் 0.04 குறைவாகத் தெரியும். இந்த 0.04 ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இப்போது முடிவுரைக்கு வருவோம். "மலையகத்தில் புவியீர்ப்பு 2% குறைவு என்பதை எமது பரிசோதனை நிரூபிக்கிறது. இதற்குக் காரணம் உயரம். ஆகவே கொழுந்து நிறுக்கும் விற்றராசில் 20 kg கொழுந்து 19.6 kg ஆகவே காட்டும், தொழிலாளர்கள் ஒவ்வொரு நிறுவையிலும் 400 g இழக்கிறார்கள்."

அந்த 2% ஐ உண்டாக்கியதில் பெரும்பகுதி குண்டின் ஆரை, அதை மேலே பார்த்தோம். மிச்சம் 9.81 உடன் ஒப்பிட்டதால் வந்தது. 9.81 என்பது ஐரோப்பா போன்ற நடு அகலக்கோடுகளுக்குப் பொருந்தும் எண். பூமி சுழல்வதாலும் நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதாலும் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் g குறைவு, நாம் இருக்கும் 7 பாகை வடக்கில் கடல் மட்டத்திலேயே அது 9.78 தான். 1672 இல் பிரெஞ்சு வானியலாளர் ஜீன் ரிச்சர் பாரிசிலிருந்து கொண்டுபோன ஊசல் கடிகாரம் தென்னமெரிக்காவின் கயேனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தி ஓடியது இதனால்தான், உயரத்தால் இல்லை. ஆக 9.81 ஐ வைத்துப் பார்த்தால் கொழும்பிலும் g "குறைவாக"த்தான் தெரியும்.

உயரம் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மீற்றர் ஏறினால் g சுமார் 0.000003 குறையும். நுவரெலியாவின் 1868 மீற்றருக்குப் பெருக்கினால் 0.006 க்குக் கொஞ்சம் குறைவு. காலுக்குக் கீழே இருக்கும் மலையும் நம்மைக் கொஞ்சம் இழுப்பதால் உண்மையான குறைவு அதைவிடவும் சிறிது. உங்கள் வழு 0.05. தேடும் பொருள் உங்கள் வழுவில் எட்டில் ஒன்றுகூட இல்லை, கோணத்தைக் குறிக்காமல் விட்டதே அதைப்போல ஆறு மடங்கு பெரிய மாற்றத்தைக் கொண்டுவரக்கூடும். உயரத்தின் பாதிப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு மீற்றர் ஊசலின் நீளத்தை அரை மில்லிமீற்றருக்கும் நுட்பமாகவும், அதன் 20 அலைவுகளுக்கு எடுக்கும் 40 செக்கனை ஒரு செக்கனின் நூறில் ஒன்றுக்குச் சரியாகவும் அளக்க வேண்டும். கைக் கடிகாரத்தால் முடியாத காரியம். "நிரூபிக்கிறது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

தராசு பற்றி. இதை ஏன் எழுதினீர்கள் என்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது. தேயிலைக் கொழுந்தின் நிறையில் தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கழிப்பதைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தத் தராசைப் பற்றிக் கேட்கத் தோன்றும், அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் உயரத்தால் வரும் குறைவு 20 kg இல் 12 g அளவுதான். தராசை இங்கேயே தெரிந்த நிறைப்படியைத் தொங்கவிட்டுச் சரிபார்த்திருந்தால் அதுவும் இல்லை, ஏனென்றால் நிறைப்படியையும் கொழுந்தையும் ஒரே g தானே இழுக்கிறது. 400 g என்று நீங்கள் மேடையில் சொல்லி, விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து குண்டின் ஆரை எங்கே என்று கேட்டால், அதற்குப் பிறகு தராசைப் பற்றி யார் பேசினாலும் கேட்கிறவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். உண்மையான குறை அதோடு அடிபட்டுப் போகும். தராசு சரியா என்று பார்க்க ஆசை என்றால் அது வேறு செயன்முறை: அதே மாதிரி ஒரு தராசில் 5, 10, 15, 20 kg நிறைப்படிகளைத் தொங்கவிட்டு, ஏற்றும்போதும் இறக்கும்போதும் வாசிப்பெடுத்து, காட்டும் எண்ணுக்கு எதிரே உண்மையான எண்ணை வரைபாகப் போடுங்கள். அதைச் செய்வதென்றால் நானும் உங்களோடு நிற்கிறேன்.

முடிவுரையை இந்த அளவில் எழுதினால் போதும்: "நுவரெலியாவில் எளிய ஊசலால் பெறப்பட்ட g இன் பெறுமானம் 9.79 ± 0.05 m s⁻². இது இந்த அகலக்கோட்டுக்கு எதிர்பார்க்கப்படும் 9.78 உடன் வழு எல்லைக்குள் ஒத்துப்போகிறது. உயரத்தால் ஏற்படும் மாற்றம் இந்த முறையின் வழுவைவிட மிகச் சிறியது என்பதால் அதைப் பற்றி இந்தத் தரவிலிருந்து எதுவும் கூற முடியாது." ±0.05 என்பதை உங்கள் வரைபில் வரும் எண்ணுக்கு ஏற்ப மாற்றுங்கள், என்னுடையதை அப்படியே போட வேண்டாம்.

பழைய அட்டவணையை அழிக்காமல் பின்னிணைப்பாக வையுங்கள். ஆரை விடுபட்டதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்கு ஒரு பந்தி எழுதுங்கள், கண்காட்சியில் மற்றப் பிள்ளைகள் நின்று பார்க்கப்போவது அந்தப் பந்தியைத்தான். கோண வீச்சம் ஞாபகம் இல்லையென்றால் ஊகித்து எழுதாமல், 5 பாகைக்குள் வைத்து 100.0 cm க்கு மட்டும் இன்னொரு தரம் எடுங்கள். வரைபுத் தாளைப் படமெடுத்து வெள்ளிக்கிழமைக்கு முன்னர் அனுப்புங்கள், அச்சுகளில் அலகு இருக்கிறதா என்று அதைத்தான் முதலில் பார்ப்பேன்.